ஒரே குளம், இரண்டு கோப்புகள்: ராஸ்டர், வெக்டார் வரைபடத் தரவுக்கு முழுமையான வழிகாட்டி

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி ஏறத்தாழ முழுவதும் வறண்டுபோனது. அப்போது வானிலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தில் ஏரி இருந்த இடம் மண் நிறத்தில் கிடந்தது. வரைபடத்தில் ஏரியாக வரைந்து வைத்த உருவமோ எப்போதும்போல் நீலமாகவே இருக்கும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதன் நிறம் மாறாது.

இரண்டில் எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. நீல உருவம் "இதுவரை ஏரி" என்று ஒருவர் கரையை ஒட்டிக் கோடு போட்டு வைத்தது. அது வெக்டார். செயற்கைக்கோள் படம், தரையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வந்தது என்று அளந்து எழுதியது. அது ராஸ்டர். வெக்டாரில் எல்லையை யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ராஸ்டரில் எல்லை என்று ஒன்றே கிடையாது, வரிசை வரிசையாக எண்கள்தான். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

## கோலத்தில் இருக்கிறது விஷயம்

மார்கழியில் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கோலம் பிடித்திருக்கிறது. ஊரில் இருக்கும் அக்காவுக்கு அதை இரண்டு வழிகளில் அனுப்பலாம். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவது ஒன்று. போன் போட்டு, "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று சொல்லி, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு இழுக்க வேண்டும் என்று விளக்குவது இன்னொன்று.

படத்தில் எல்லாமே இருக்கும். வாசல் ஈரம், ஓரத்தில் கிடக்கும் செருப்பு, கோலப்பொடி சிதறிய இடம் எல்லாம் வந்துவிடும். ஆனால் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கோடு மறைந்து சதுரம் சதுரமாகத் தெரியும். போனில் சொன்ன கோலத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அக்கா அதைச் சின்ன வாசலிலும் போடலாம், கோயில் பிராகாரத்திலும் போடலாம், கோடு கோடாகவே இருக்கும். ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட எதுவும் அதில் இருக்காது, செருப்பு உட்பட.

படம் ராஸ்டர், புள்ளிக் கணக்கு வெக்டார். வரைபடத் தரவு என்றால் இவற்றோடு ஒன்று கூடுதலாகச் சேரும்: ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு புள்ளியும் பூமியில் எங்கே இருக்கிறது என்ற ஆயத்தொலைவு.

## அன்றாடம் நம் கையில் இருப்பவை

வெக்டாரில் மூன்றே மூன்று உருவங்கள் உண்டு: புள்ளி, கோடு, மூடிய உருவமான பாலிகன். சாப்பாடு ஆர்டர் செய்யும்போது வீட்டு வாசலில் நீங்கள் குத்தும் பின் ஒரு புள்ளி. டவுன்பஸ் போகும் வழி ஒரு கோடு. உங்கள் வார்டு எல்லை ஒரு பாலிகன். ஒவ்வொன்றோடும் ஒரு சிறு அட்டவணை ஒட்டிக்கொண்டிருக்கும். பேருந்து வழிக்கு அதன் எண், வார்டுக்கு அதன் பெயர் என்று அதில் எழுதியிருக்கும். கைப்பேசி வரைபடத்தைச் சுழற்றினாலும் தெருப்பெயர் தலைகீழாகாமல் நேராக நிற்பது, தெரு கோடாகவும் பெயர் எழுத்தாகவும் தனித்தனியாக வந்து சேர்வதால்தான். முன்பு வரைபடம் 256 பிக்சல் சதுரப் படங்களாக வந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துப் படத்தைச் சுழற்றினால் எழுத்தும் சேர்ந்தே சுழலும்.

ராஸ்டருக்கு நல்ல உதாரணம், டிவி வானிலைச் செய்தியில் வங்கக்கடல் மேல் சுழலும் மேகப்படம். மழை ரேடார் படம், வெப்பநிலை வரைபடம், தரையின் உயரத்தைச் சொல்லும் தரவு எல்லாமே இந்த வகைதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து ரேடாரால் உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தது. அந்த எஸ்ஆர்டிஎம் தரவு இன்று ஏறத்தாழ 30 மீட்டர் சதுரங்களாக இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு சதுரத்திலும் இருப்பது நிறம் இல்லை, மீட்டரில் ஓர் உயரம். ராஸ்டர் என்றால் படம் என்று நினைப்பது முதலில் எல்லோரும் செய்யும் தவறு. ராஸ்டர் என்பது எண் அட்டவணை. அந்த எண்களுக்கு நிறம் கொடுத்துப் பார்க்கும்போதுதான் அது படமாகிறது.

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது நிலத்தின் புலப்படம். சர்வேயர் அளந்தது மூலைக்கற்களும் அவற்றுக்கு இடையிலான தூரங்களும். ஆகவே பிறப்பால் அது வெக்டார். அதைக் காகிதத்தில் வரைந்து, காகிதத்தை ஸ்கேன் செய்துவிட்டால் கையில் இருப்பது ராஸ்டர். கோடு கண்ணுக்குத் தெரியும், ஆனால் கணினிக்கு அது வெள்ளைச் சதுரங்களுக்கு நடுவே சில கறுப்புச் சதுரங்கள் மட்டுமே. உங்களிடம் உள்ள பிடிஎஃப் எந்த வகை என்று அறிய அதைப் பல மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கோடு மெல்லியதாகக் கூர்மையாகவே நின்றால் வெக்டார். மங்கி, ஓரம் பல்லாகத் தெரிந்தால் ராஸ்டர்.

## நோட்பேடில் ஒரு குளம்

படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கையால் ஒரு முறை எழுதிப் பார்ப்பது நல்லது. ஒரு சிறிய கற்பனைக் குளத்தை இரண்டு வகையிலும் நாமே தட்டச்சு செய்வோம். கணினியில் இலவச மென்பொருளான QGIS இருந்தால் போதும்.

படி 1: ராஸ்டர் கோப்பு. நோட்பேடில் இதை அப்படியே எழுதுங்கள்.

```
ncols 8
nrows 6
xllcorner 398000
yllcorner 1438000
cellsize 10
NODATA_value -9999
0 0 0 0 0 0 0 0
0 0 1 1 1 1 0 0
0 1 1 1 1 1 1 0
0 1 1 1 1 1 1 0
0 1 1 1 1 1 1 0
0 0 0 0 0 0 0 0
```

இதை `kulam.asc` என்று சேமியுங்கள். சேமிக்கும்போது கோப்பு வகையை All files என்று மாற்ற மறந்தால், நோட்பேட் அதை `kulam.asc.txt` ஆக்கிவிடும். பலரும் மாட்டும் இடம் இது.

மேலே உள்ள ஆறு வரிகளும் சொல்வது இவ்வளவுதான்: குறுக்கே 8 சதுரம், நெடுக்கே 6 சதுரம், இடது கீழ் மூலை இருக்கும் இடம், ஒரு சதுரம் 10 மீட்டர், தரவு இல்லாத இடத்துக்கு −9999. கீழே 1 என்றால் நீர், 0 என்றால் நிலம். எந்தச் சதுரத்துக்கும் தனியாக முகவரி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். மூலையும் சதுர அளவும் தெரிந்தால் மற்ற சதுரங்களின் இடத்தை எண்ணியே கண்டுபிடிக்கலாம்.

படி 2: வெக்டார் கோப்பு. இன்னொரு கோப்பில் இதை எழுதி `kulam.csv` என்று சேமியுங்கள்.

```
name;wkt
kulam;POLYGON((398012 1438008, 398066 1438012, 398072 1438038, 398040 1438054, 398010 1438040, 398012 1438008))
```

ஐந்து மூலைகள். ஆறாவதாக இருப்பது முதல் மூலையே மறுபடியும், உருவத்தை மூடுவதற்காக. குளத்துக்குள் என்ன இருக்கிறது என்று இந்தக் கோப்பு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கரையை மட்டும் சொல்கிறது.

படி 3: இரண்டையும் திறப்பது. QGIS-இல் ராஸ்டரை Layer > Add Layer > Add Raster Layer வழியாகச் சேருங்கள். சேர்த்ததும் அடுக்கின் பெயர்மேல் வலது சொடுக்கி, Layer CRS என்பதில் EPSG:32644 கொடுங்கள். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யுடிஎம் முறையில், சென்னையும் மதுரையும் விழும் 44 வடக்கு மண்டலத்தின் எண் அது. கோயம்புத்தூர் பக்கம் என்றால் 32643. வெக்டாரை Add Delimited Text Layer வழியாகச் சேருங்கள். Custom delimiters என்பதில் Semicolon, Geometry definition என்பதில் Well known text, Geometry CRS என்பதில் அதே EPSG:32644.

வெக்டாரின் ஒளிபுகு தன்மையைக் கொஞ்சம் கூட்டி ராஸ்டரின் மேல் வைத்துப் பாருங்கள். சாய்வான கரைக்கோட்டின் அடியில் படிக்கட்டு படிக்கட்டாகச் சதுரங்கள் தெரியும். ஒரு சதுரத்தின் மையம் குளத்துக்குள் விழுந்தால் 1, வெளியே விழுந்தால் 0 என்றுதான் அந்த அட்டவணையை எழுதினேன்.

படி 4: பரப்பளவு. Identify கருவியால் பாலிகனைச் சொடுக்கினால், Derived பகுதியில் கார்ட்டீசியன் பரப்பளவு 2144 சதுர மீட்டர் என்று வரும். அதாவது ஏறக்குறைய 53 சென்ட். பக்கத்திலேயே பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்த இன்னொரு எண் ஒரு சதுர மீட்டர் போலக் கூடுதலாக இருக்கும். அது பிழை இல்லை. ராஸ்டருக்கு Processing Toolbox-இல் Raster layer unique values report என்பதை இயக்குங்கள். 1 என்ற மதிப்பு 22 சதுரங்களில் இருக்கிறது, ஒன்று 100 சதுர மீட்டர், ஆக 2200.

2144-க்கும் 2200-க்கும் வித்தியாசம் 3 சதவீதத்துக்கும் குறைவு. பரவாயில்லை போலிருக்கிறதே என்று தோன்றும். சதுரத்தை 20 மீட்டராக்கிப் பாருங்கள். முதலில் சிஎஸ்வி அடுக்கை Export > Save Features As மூலம் GeoPackage ஆகச் சேமியுங்கள். பிறகு Raster > Conversion > Rasterize திறந்து, எழுத வேண்டிய மதிப்பு 1, அளவின் அலகு Georeferenced units, அகலமும் உயரமும் 20, பரப்பெல்லையாக `kulam` ராஸ்டரின் எல்லை என்று கொடுங்கள். இப்போது மையம் உள்ளே விழும் சதுரங்கள் நான்கு மட்டுமே. பரப்பளவு 1600. குளத்தின் கால் பங்கு காணாமல் போய்விட்டது. குளம் மாறவில்லை, கரை மாறவில்லை, சதுரம் மட்டும்தான் பெரிதானது.

ஏன் இப்படி? தப்பு நடப்பது எப்போதும் கரையோரச் சதுரங்களில்தான், நடுவில் இல்லை. 10 ஹெக்டேர் கண்மாய் ஒன்று, 400 மீட்டர் நீளம், 250 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் சதுரத்தில் அது 1000 சதுரங்கள். கரை 1300 மீட்டர், அதாவது கரையோரச் சதுரங்கள் ஏறத்தாழ 130 மட்டுமே. அவற்றிலும் கூட எழுதியதும் குறைய எழுதியதும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டும். நம் 53 சென்ட் குளத்திலோ 22 சதுரங்களில் பாதிக்கும் மேல் கரையோரம். ஒரு பொருள் சிறிதாக ஆக, அதற்குக் கரையே மிஞ்சும். 6 மீட்டர் விட்டமுள்ள கிணற்றின் பரப்பு 28 சதுர மீட்டர். 10 மீட்டர் ராஸ்டரில் அதற்குத் தனியாக ஒரு சதுரம்கூடக் கிடைக்காது. வெக்டாரில் அது ஒரு புள்ளி, வேலை முடிந்தது. ஊர்க் கிணறுகளைக் கணக்கெடுக்கும் வேலைக்கு 10 மீட்டர் செயற்கைக்கோள் படத்தைத் தேடாதீர்கள்.

## உண்மையான ஏரிக்குப் போவோம்

இதே விஷயத்தைச் செம்பரம்பாக்கத்தில் செய்யலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் இந்த வேலையில் இருக்கின்றன. இரண்டு சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படம் எடுக்கும். Copernicus Browser தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, இடத்தையும் நாளையும் தேர்ந்து, மேகம் குறைந்த L2A படத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கோப்புகளில் `B03_10m`, `B08_10m` என்று முடியும் இரண்டு போதும். முதலாவது பச்சை ஒளி, இரண்டாவது கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி. இரண்டுமே 10 மீட்டர் சதுரம்.

தண்ணீர் அண்மை அகச்சிவப்பை விழுங்கிவிடும். செடிகொடியும் மண்ணும் அதை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆகவே பச்சை அகச்சிவப்பைவிட அதிகமாக இருக்கும் சதுரத்தில் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். Raster > Raster Calculator திறந்து இதை எழுதுங்கள். அடுக்குகளின் பெயரை உங்கள் பட்டியலில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

```
"B03@1" > "B08@1"
```

விடை 1-உம் 0-உமாக வரும், நம் நோட்பேட் குளம் மாதிரியே. கோடை நாள் ஒன்றுக்கும் மழைக்காலம் முடிந்த ஜனவரி நாள் ஒன்றுக்கும் தனித்தனியாகச் செய்து சதுரங்களை எண்ணினால், ஏரி எவ்வளவு சுருங்கி விரிந்தது என்று தெரிந்துவிடும். வரைபடத்தின் நீலப் பாலிகனை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

ஆனால் விடையை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆகாயத்தாமரை படர்ந்த நீர்ப்பரப்பு இதற்குச் செடியாகத்தான் தெரியும், தண்ணீர் கணக்கில் வராது. நேர்மாறாக, சில கட்டடக் கூரைகளும் மேக நிழலும் தண்ணீராகக் காட்டும். விடையை உண்மை நிறப் படத்தின் மேல் வைத்து, கண்ணால் ஒரு சுற்று பார்ப்பதே நான் நம்பும் சோதனை. ஊருக்கு நடுவே மூன்று நான்கு சதுரங்களில் மட்டும் "குளம்" முளைத்திருந்தால் அது பெரும்பாலும் கூரை.

வரைபடத்தின் பாலிகனுக்கும் கேட்க வேண்டிய கேள்வி உண்டு. யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் அந்தக் கரையை வரைந்தவர் எதைப் பார்த்து வரைந்தார்? நீர் நிரம்பிய நாளின் படத்தையா, வற்றிய நாளின் படத்தையா? கரை மேட்டை ஏரியில் சேர்த்தாரா? வருவாய்த் துறையின் கணக்கில் உள்ள ஏரிப் பரப்பு, தண்ணீர் இல்லாத நாளிலும் ஏரிக்கு உரிய நிலம் முழுவதையும் குறிக்கும். ஆக்கிரமிப்பு வழக்கு என்றால் அந்தப் பாலிகன்தான் பேசும், செயற்கைக்கோளின் சதுரங்கள் பேசாது. இந்த வாரம் எவ்வளவு இடத்தில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்றால் ராஸ்டரைக் கேட்க வேண்டும். "ராஸ்டர் நல்லதா, வெக்டார் நல்லதா" என்று யாராவது கேட்டால், உங்கள் கேள்வி எல்லையைப் பற்றியதா, எல்லைக்குள் இருப்பதைப் பற்றியதா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

## ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது

ராஸ்டர் நீரைப் பாலிகனாக்க Raster > Conversion > Polygonize இருக்கிறது. நம் `kulam.asc` மேல் அதை இயக்கிப் பாருங்கள். வருவது சாய்வான ஐந்து மூலைக் குளம் அல்ல, படிக்கட்டு ஓரம் கொண்ட உருவம். மதிப்பு 1 உள்ள அந்த உருவத்தின் பரப்பளவு அதே 2200. அதை மென்மையாக்கும் கருவிகள் உண்டு. கண்ணுக்கு அழகாகும், ஆனால் கரை இருந்த இடம் திரும்பி வராது. ராஸ்டராக மாறியபோது தொலைந்த தகவலை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அதனால் வெக்டாரை ராஸ்டராக்கினால் மூல வெக்டாரை அழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ராஸ்டரை ஒரு சதுர அளவிலிருந்து வேறு அளவுக்கு மாற்றும்போது மென்பொருள் "எப்படிக் கணக்கிட" என்று கேட்கும். உயரம், வெப்பநிலை மாதிரி படிப்படியாக மாறும் எண்களுக்கு Bilinear சரி. ஆனால் 1 நீர், 2 வயல், 3 வீடு என்று குறியீடு போட்ட ராஸ்டருக்கு Nearest neighbour மாதிரி சராசரி எடுக்காத முறைதான் வேண்டும். இல்லாவிட்டால் நீருக்கும் வீட்டுக்கும் சராசரி எடுத்து, ஏரிக்கரை நெடுக வயல் முளைக்கும். விடையில் 1.7, 2.4 மாதிரி எண்கள் தெரிந்தால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம். −9999-ஐத் தரவு இல்லை என்று அறிவிக்க மறந்தால், ஊரின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்குக் கீழே ஆயிரம் மீட்டர் என்றுகூட வரும்.

வெக்டாரில் அடிக்கடி நடப்பது எண்களின் வரிசை மாறுவது. வெக்டாரை எழுதும் இன்னொரு வடிவமான GeoJSON கோப்பில் முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. செம்பரம்பாக்கம் இப்படி இருக்க வேண்டும்:

```
{"type": "Point", "coordinates": [80.06, 13.01]}
```

நாம் வாயால் சொல்லும்போதும், கைப்பேசி வரைபடம் இடத்தைக் காட்டும்போதும் அட்சரேகைதான் முதலில் வரும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் ஏரி வடதுருவத்துக்கு அருகே, ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். அடுக்கைச் சேர்த்தும் திரையில் ஒன்றும் தெரியவில்லையென்றால், அடுக்கின் பெயர்மேல் வலது சொடுக்கி Zoom to Layer கொடுங்கள். சுற்றிலும் பனிக்கடல் தெரிந்தால், இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போடுங்கள்.